ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும்: ஏற்காடு ஏற்றப் பந்தயத்தில் நிகழ்தகவு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நிகழ்தகவுப் பாடம் வரும்போது லூடோ மாதிரி ஒரு பந்தயத்தை வகுப்பறைத் தரையிலேயே நடத்துவது வழக்கம். அதைப் பார்த்த ஆசிரியர்களும் சில பெற்றோரும் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

விளையாட்டு எப்படி? என்னென்ன வேண்டும்?

சாக்பீஸ், ஜோடிக்கு ஒரு பகடை, ஒரு எவர்சில்வர் டம்ளர், நோட்டு. இவ்வளவுதான்.

தரையில் வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டு 20 கட்டங்களாகப் பிரிப்போம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு வளைவு. கீழே அடிவாரம், மேலே ஏரி. அடிவாரத்தை விட்டுக் கிளம்ப ஆறு விழ வேண்டும். கிளம்பிய பிறகு விழுகிற எண்ணுக்கு ஏற்ப நகரலாம். இருபதாவது வளைவைத் தொட்டாலோ தாண்டினாலோ பழம்.

லூடோவில் உள்ள மற்ற விதிகளையெல்லாம் எடுத்துவிட்டேன். வெட்டு இல்லை, ஆறு விழுந்தால் இன்னொரு தடவை போடுவது இல்லை, கடைசியில் சரியான எண்ணுக்காகக் காத்திருப்பதும் இல்லை. அவையெல்லாம் இருந்தால் விளையாட சுவாரசியம்தான். ஆனால் எந்த விதியால் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஒருவர் உருட்ட வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். ஐந்து ஆட்டம் முடிந்ததும் மாறிக்கொள்ளலாம். டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கொட்டச் சொல்வது முக்கியம். கையில் வைத்து மெல்ல நழுவ விடுகிற கில்லாடிகள் எல்லா வகுப்பிலும் உண்டு. சுவரில் சாய்ந்து நின்றால் அந்த உருட்டல் செல்லாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்புறம், கீழே ஒரு சணல் சாக்கை விரித்துவிடுங்கள். பக்கத்து வகுப்பில் தமிழ் ஐயா பாடம் நடத்துகிறார்.

நோட்டில் எதை எழுத வேண்டும்? யார் ஜெயித்தார் என்பதையா?

அதை அவர்களே எழுதிக்கொள்வார்கள், சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது இரண்டே எண்கள். அடிவாரத்தில் முதல் ஆறு எத்தனையாவது உருட்டலில் விழுந்தது? கிளம்பிய பிறகு உச்சிக்குப் போக எத்தனை உருட்டல் ஆனது?

முதல் எண்ணைக் ‘காத்திருப்பு’ என்று அழைக்கிறோம். முதல் உருட்டலிலேயே ஆறு விழுந்தால் காத்திருப்பு 1. மூன்று தடவை வேறு எண் விழுந்து நாலாவதில் ஆறு வந்தால் 4. ஆறு விழுந்த உருட்டலையும் சேர்த்து எண்ண வேண்டும். இங்கே பாதி ஜோடிகள் ஒன்று குறைத்து எழுதிவிடும். அதனால் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்தைக் கரும்பலகையில் எல்லோருமாகச் சேர்ந்து போட்டுப் பார்த்துவிடுவேன்.

40 பேர் உள்ள வகுப்பில் 20 ஜோடி. ஆளுக்கு ஐந்து என்று ஜோடிக்குப் பத்து காத்திருப்புகள் எழுதினால் வகுப்புக்கு 200 கிடைக்கும். அதற்கு ஜோடிக்கு ஏறக்குறைய 60 உருட்டல் ஆகும். ஒரு பாடவேளையில் தாராளமாக முடிகிற வேலை. மலை ஏறுகிற பாதியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆறு விழ வாய்ப்பு ஆறில் ஒன்று. அப்படியானால் பெரும்பாலும் ஆறாவது உருட்டலில்தானே விழ வேண்டும்?

விளையாடும் முன் கேட்டால் வகுப்பில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. கணிப்பை நோட்டின் மேலே எழுதி வைக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

200 காத்திருப்புகளையும் கரும்பலகையில் நேர்க்கோட்டுக் குறிகளாகப் போட்டதும் வகுப்பு சலசலக்கும். மிக உயரமான தூண் 1-க்கு மேல் நிற்கும். அடுத்தது 2. அப்படியே படிப்படியாக இறங்கி, வலப்பக்கம் நீளமான வால் ஒன்று 20-ஐயும் தாண்டிப் போகும். 200 காத்திருப்புகளுக்குக் கணக்கு சொல்வது சுமார் 33, 28, 23, 19, 16, 13 என்று. ஆறாவது உருட்டலில் விழுவது வெறும் 13. உங்கள் வகுப்பில் இதே எண்கள் வராது. 33-க்குப் பதில் 28 வரலாம், 39 வரலாம். பக்கத்துத் தூண்கள் ஒன்றிரண்டு இடம் மாறியும் நிற்கலாம். ஆனால் சரிவு தெரியும்.

ஏன் இப்படி என்று விளக்க 216 பிள்ளைகள் அடிவாரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வேன். எல்லோரும் ஒரு தடவை உருட்டினால் ஆறில் ஒரு பங்கு, அதாவது 36 பேர் கிளம்பிவிடுவார்கள். மீதி 180. இரண்டாவது உருட்டலில் அந்த 180-இல் ஆறில் ஒரு பங்கு, 30 பேர். மீதி 150. மூன்றாவதில் 25 பேர். வாய்ப்பு ஒவ்வொரு முறையும் அதே ஆறில் ஒன்றுதான், ஆனால் அடிவாரத்தில் நிற்கும் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. ஆறாவது உருட்டலில் கிளம்ப வேண்டுமென்றால் அதற்கு முன் ஐந்து தடவை தவறியிருக்க வேண்டுமே.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளே தொடர்ந்தால் நாலாவது உருட்டலுக்குப் பிறகு மிஞ்சுவது சுமார் 104 பேர், பாதிக்கும் குறைவு. நாலு தடவைக்குள் குறைந்தது ஒரு ஆறு விழ வாய்ப்பு 671/1296, அதாவது 51.8 சதவீதம். 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் சூதாட்டப் பிரியர்கள் பந்தயம் கட்டிய எண் இது. அந்த மாதிரிக் கேள்விகளை வைத்துத்தான் 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

அப்படியானால் ‘சராசரி ஆறு’ என்று புத்தகங்கள் சொல்வது தப்பா?

சரிதான். முகடு 1, இடைநிலை அளவு 4, சராசரி 6. மூன்றும் ஒரே தரவிலிருந்து வருகின்றன. இந்த மூன்றும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கிற உதாரணம் பாடப்புத்தகத்தில்கூடக் கிடைப்பது அரிது.

ஒரு ஜோடியின் நோட்டில் பத்து காத்திருப்புகள் இப்படி இருக்கின்றன என்று வையுங்கள்: 3, 1, 9, 2, 14, 6, 1, 4, 17, 5. கூட்டினால் 62, சராசரி 6.2. வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 4, 5, ஆக இடைநிலை 4.5. அதிகம் வந்தது 1. பத்தில் ஏழு எண்கள் சராசரிக்குக் கீழே இருக்கின்றன, ஆறுக்கு மேல் போனவை மூன்றுதான். ஆனால் அந்த 9, 14, 17 மூன்றும் சேர்ந்து சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன.

சம்பளக் கணக்கு சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். தெருவில் ஒன்பது பேர் தறி ஓட்டி, ஒருவர் மட்டும் பட்டறை முதலாளியாக இருந்தால் தெருவின் சராசரி வருமானம் யாருடைய வருமானமாகவும் இருக்காது.

எங்கள் வகுப்பில் சராசரி 4 சொச்சம்தான் வந்தது. பகடை கோணலா?

முதலில் பகடையைச் சந்தேகிக்காதீர்கள், மணியைச் சந்தேகியுங்கள்.

இந்தத் தவறு எனக்கே நடந்திருக்கிறது. முதன்முதலாக நடத்திய வருடம், ‘பத்து உருட்டலுக்குள் விழவில்லை என்றால் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்’ என்று நேரத்தை மிச்சம் பிடித்தேன். வகுப்பின் சராசரி நாலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிள்ளைகள் ‘என்ன சார், ஆறு வரும்னு சொன்னீங்களே’ என்றார்கள். அன்று இரவு உட்கார்ந்து யோசித்த பிறகுதான் உறைத்தது.

மேலே சொன்ன நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தைத் தாண்டிய 14-ஐயும் 17-ஐயும் தூக்கிப் போட்டால் மீதி எட்டு எண்களின் கூட்டல் 31, சராசரி 3.9. சரி, தூக்கிப் போடாமல் அவற்றை ‘10’ என்று எழுதிக்கொண்டால்? கூட்டல் 51, சராசரி 5.1. இரண்டுமே 6.2 இல்லை. இது அந்த நோட்டின் கோளாறும் இல்லை. ஆயிரக்கணக்கில் விளையாடினாலும் பத்தைத் தாண்டியவற்றை விட்டுவிட்டால் சராசரி 4.1-ஐ ஒட்டியும், பத்து என்று எழுதினால் 5.0-ஐ ஒட்டியும்தான் நிற்கும். நாம் வெட்டி எறிவது எப்போதும் நீளமான காத்திருப்புகளைத்தான் என்பதே காரணம். எத்தனை தடவை திரும்பச் செய்தாலும் இந்தப் பிழை சரியாகாது.

மணி அடித்தபோது பாதியில் நின்ற ஆட்டங்களுக்கும் இதே கதிதான். நான் இப்போது செய்வது இது: ஐந்து நிமிடம் இருக்கும்போது புது ஆட்டம் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன், தொடங்கியதைக் கட்டாயம் முடிக்க வேண்டும். அதற்கும் மேல் ஒருவர் மாட்டிக்கொண்டால் மொத்த வகுப்பும் சுற்றி நின்று எண்ணும். 200 ஆட்டத்தில் இரண்டு மூன்று காத்திருப்புகள் 24-ஐத் தாண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அதனால் ஒவ்வொரு வருடமும் அப்படி ஒரு பரிதாபப் பிறவி கிடைத்துவிடும்.

பத்து தடவை ஆறு விழவில்லை என்றால் பதினொன்றாவதில் விழ வாய்ப்பு கூடுமா?

கூடாது. பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஆனால் இதைச் சொன்னால் தலையை ஆட்டுவார்களே தவிர நம்ப மாட்டார்கள். நோட்டைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

வகுப்பின் 200 காத்திருப்புகளில் ஆறைத் தாண்டியவற்றை மட்டும் தனியே எழுதச் சொல்லுங்கள். சுமார் 67 இருக்கும். இவர்கள் எல்லோரும் ஆறு உருட்டல் தவறி நொந்துபோய் நிற்பவர்கள். ஆறாவது உருட்டலுக்குப் பிறகு இன்னும் எத்தனை ஆனது என்று ஒவ்வொன்றிலும் ஆறைக் கழித்துப் பாருங்கள். நம் நோட்டில் 9, 14, 17 என்பவை 3, 8, 11 ஆகும். வகுப்பு முழுவதற்கும் சராசரி எடுத்தால் மறுபடி ஆறுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதாவது ஆறு தடவை தவறியவரும் இப்போதுதான் வந்து உட்கார்ந்தவரும் ஒரே நிலைமைதான். ‘இவ்வளவு நேரம் காத்திருந்தேனே, எனக்குச் சலுகை இல்லையா’ என்று கேட்பார்கள். ரேஷன் கடை வரிசையில் உண்டு, பகடையில் இல்லை.

67 எண்களை வைத்து எடுக்கிற சராசரி 5-ஆகவும் வரலாம், 7-ஆகவும் வரலாம். இரண்டு பிரிவுகளின் நோட்டையும் சேர்த்தால் நிதானப்படும்.

‘ஆறு மட்டும் எனக்கு விழவே மாட்டேங்குது’ என்று ஒரு பையன் அழுகிறான். என்ன சொல்ல?

விதியை மாற்றுங்கள். அடுத்த சுற்றில் இரண்டு விழுந்தால்தான் காய் இறங்கும். இப்போது இரண்டு விழாது, ஆறு ஆறாக விழுந்து தள்ளும், அதையும் அவனே சொல்வான். எந்த எண்ணுக்குக் காத்திருக்கிறோமோ அது வராததுதான் கண்ணில் படுகிறது.

எத்தனை தடவை உருட்டினால் ‘போதும்’ என்று சொல்லலாம்?

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. ஒரு ஜோடி 60 தடவை உருட்டினால் பத்து ஆறுகள் எதிர்பார்க்கலாம். ஆனால் நேர்மையான பகடையிலேயே 4 முதல் 16 வரை எது வந்தாலும் அதிசயமில்லை. பத்து ஜோடியைச் சேர்த்து 600 உருட்டல் என்றால் 82 முதல் 118 வரை. பள்ளி முழுவதும் சேர்ந்து 6000 என்றால் ஏறக்குறைய 940 முதல் 1060 வரை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, ஆசிரியர்களே சறுக்குகிற இடமும் இதுதான். உருட்டல்கள் கூடக் கூட எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளி குறையவில்லை. முதலில் 6, பிறகு 18, பிறகு 60 என்று கூடத்தான் செய்கிறது. குறைவது விகிதத்தின் இடைவெளி: 60-இல் 6 என்பது பத்து சதவீதம், 6000-இல் 60 என்பது ஒரு சதவீதம். ‘அதிகம் உருட்டினால் எல்லாம் சமமாகிவிடும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பின்தங்கிய எண் ஓடி வந்து ஈடுகட்டும் என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அது எதையும் ஈடுகட்டுவதில்லை. பழைய குறை அப்படியே கிடக்க, மேலே விழும் உருட்டல்களின் மலையில் அது சின்னதாகிவிடுகிறது.

கடையில் வாங்குகிற பகடை சரியானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய கோணல் என்றால் 600 உருட்டலில் காட்டிக்கொடுத்துவிடும். சின்னக் கோணலை ஒரு வகுப்பால் கண்டுபிடிக்கவே முடியாது. வெல்டன் என்ற ஆங்கில உயிரியலாளர் 1894-இல் பன்னிரண்டு பகடைகளை ஒன்றாக 26,306 தடவை வீசி எண்ணி வைத்தார். ஐந்தோ ஆறோ விழுவது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.3333 இருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது 0.3377. புள்ளிகளுக்காகப் பள்ளம் தோண்டும்போது ஆறு புள்ளி உள்ள பக்கம் கொஞ்சம் லேசாகி மேலே வந்து நிற்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பகடை முகங்களை எண்ணிய பிறகு தெரிந்த கோணல் இது. உங்கள் பத்து ரூபாய்ப் பகடையிலும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மலை ஏறுகிற பகுதியில் படிக்க என்ன இருக்கிறது?

அடிவாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதுதான் நல்ல இடம். ஒரு உருட்டலுக்கு சராசரி 3.5 வளைவு. இருபதாவதைத் தொட அல்லது தாண்ட சராசரி 6.2 உருட்டல் ஆகிறது. 20-ஐ 3.5-ஆல் வகுத்தால் 5.7 தானே என்று ஒரு பெண் கேட்பாள், கேட்க வேண்டும். கடைசி உருட்டலில் பெரும்பாலும் இருபதைத் தாண்டிப் போய்விடுகிறோம், அந்த வீணான படிகளுக்கும் சேர்த்துத்தான் உருட்டியிருக்கிறோம்.

ஆக ஆறுக்காகக் காத்திருப்பது சராசரி 6, மலை முழுக்க ஏறுவது சராசரி 6.2. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டு வரைபடங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஏறுவதில் பத்தில் எட்டு பேர் 5, 6, 7 உருட்டல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். நாலுக்குக் கீழே யாராலும் முடியாது, பத்தைத் தாண்டுவது மிக அரிது. காத்திருப்பில் 5, 6, 7-க்குள் வருகிறவர்கள் பத்தில் இரண்டே பேர். மற்றவர்கள் 1-இலிருந்து 25 வரை சிதறிக் கிடப்பார்கள்.

அதனால்தான் பந்தயத்தில் ஜெயிப்பது யார் என்பது பெரும்பாலும் அடிவாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. முதல் உருட்டலில் கிளம்பியவரை, பத்தாவதில் கிளம்பியவர் வளைவுகளில் பிடிப்பது நடக்காத காரியம். அவர் காய் இறங்கும் நேரத்தில் முன்னவர் பெரும்பாலும் ஏரிக்கரையில் சோளம் தின்றுகொண்டிருப்பார்.

மொபைல் லூடோவில் செய்யலாமா? வேலை மிச்சம்.

வேண்டாம். அந்தச் செயலி எண்ணை எப்படி எடுக்கிறது என்று நமக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் பகடையா? சூதாட்டம் பழக்குகிறீர்களா?

ஒரு தந்தை நேரில் வந்து இதைக் கேட்டார். சகுனியை இழுக்காமல் பேச்சு முடியவில்லை. காசு, மிட்டாய், பந்தயப் பொருள் எதுவும் கிடையாது என்பது எங்கள் விதி. தோற்றவர் தரையைத் துடைக்க வேண்டும் என்ற தண்டனையைக்கூட எடுத்துவிட்டேன். அவரையும் உட்கார வைத்து உருட்டச் சொன்னேன். முதல் ஆறு பதினோராவதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்டது அடுத்த கேள்வி.

எங்கள் வீட்டில் தாயம்தான் ஆடுவோம். அதில் இதைச் செய்ய முடியுமா?

லூடோவைவிட நன்றாகவே செய்யலாம். இரண்டு நீளமான பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு வெறும் பக்கம். இரண்டையும் உருட்டினால் தாயம் என்ற ஒன்று, இரண்டு முதல் ஆறு வரை, இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஏழு விதமான விடைகள். ‘ஆகவே தாயத்தின் வாய்ப்பு ஏழில் ஒன்று’ என்று பிள்ளைகள் உடனே எழுதுவார்கள். எழுதட்டும், பிறகு உருட்டட்டும்.

கட்டைக்கு நாலு பக்கம் என்பதால் கூறுவெளியில் 16 சோடிகள். தாயம் விழ ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் வேண்டும். அது இரண்டு விதமாக நடக்கும். ஆக 2/16, எட்டில் ஒன்று. பன்னிரண்டு ஒரே விதத்தில்தான் வரும், 1/16. மூன்று என்ற எண் நாலு விதத்தில் வரும், 4/16. தாயத்துக்கான சராசரிக் காத்திருப்பு 8. லூடோவில் ஆறு விழுவதைவிடத் தாயம் விழ அதிக நேரமாகிறது என்று பாட்டிகள் சொன்னால் அதற்குக் கணக்கு இருக்கிறது.

கட்டை இல்லாத வீடுகளில் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி ஆடுவார்கள். வெள்ளைப் பக்கம் மேலே விழ வாய்ப்பு எவ்வளவு? பாதி என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. கொட்டைக்குக் கொட்டை வடிவம் மாறும், தேய்த்த அளவும் மாறும். பகடையில் சமச்சீரை வைத்து முன்கூட்டியே ஆறில் ஒன்று என்று சொல்லிவிட்டோம், இங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது. உருட்டி, எண்ணி, வகுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் ‘பட்டறி நிகழ்தகவு’ என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே கொட்டையை 200 தடவை போடச் சொல்லுங்கள். கொட்டையில் பேனாவால் ஓர் எண் எழுதி வைத்தால் மறுநாள் வேறொரு ஜோடிக்கு அதே கொட்டையைக் கொடுத்து விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். எழுதாமல் விட்டால் எல்லாக் கொட்டையும் கலந்துவிடும், எங்களுக்குக் கலந்துவிட்டது.